சுவருக்குள் புதைந்த பைப்பில் புது வயர் இழுப்பது எப்படி?



குழுக் கட்டடத்திலோ வீட்டிலோ கிரைண்டர், மாவு மில் என்று புது மெஷின் வாங்கினால், கூடவே வயரையும் மாற்ற வேண்டி வரும். சுவருக்குள் பைப் ஏற்கெனவே புதைந்து இருப்பதால் சுவரை உடைக்க வேண்டாம். பழைய வயரை உருவிவிட்டு, அதே பைப்பில் புது வயரை இழுத்துக்கொள்ளலாம். இதற்குத்தான் பிஷ் டேப் பயன்படுகிறது. தட்டையான, வளைந்து கொடுக்கிற நீளமான எஃகு அல்லது நைலான் பட்டை அது. பல ஊர்களில் எலெக்ட்ரீஷியன் இதை 'ஸ்பிரிங்' என்றே சொல்வார்.

உரிமம் உள்ள வயர்மேன்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆனால் இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் இழுக்க, இன்னொருவர் அடுத்த முனையில் வயரை உள்ளே ஊட்ட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நீங்களாக இருக்கலாம். வயரின் மேல்தோல் கிழியாமல் போய்ச் சேர்வது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

தோல் கிழிந்தால் என்ன ஆகும்?

கிழிந்த இடம் பைப்புக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வெயில் காலத்தில் எல்லாம் நன்றாகவே ஓடும். மழைக்காலத்தில் சுவர் ஊறி, பைப்புக்குள் ஈரம் இறங்கும்போது, வெளியே தெரியும் செம்பிலிருந்து மின்சாரம் கசியும். பியூஸ் போகிற அளவுக்கு அது பெரிய கசிவு இல்லை. ஆனால் ஈரச் சுவரைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்க அது போதும். கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில், மழை பெய்தால் மட்டும் அது விழுந்துகொண்டே இருந்தால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம்

ஒரு குழுவின் மாவு அரைக்கும் அறையை எடுத்துக்கொள்வோம். மெயின் போர்டிலிருந்து பைப் 1 மீட்டர் கீழே இறங்கி, அங்கே ஒரு வளைவில் திரும்புகிறது. பிறகு 1 மீட்டர் பக்கவாட்டில் போய், சுவர் மூலையில் இரண்டாவது வளைவு. அங்கிருந்து 7 மீட்டர் நேராகப் போய் கிரைண்டர் போர்டில் முடிகிறது. மொத்தம் 9 மீட்டர். உள்ளே பழைய வயர் இரண்டு, எர்த் வயர் கிடையாது. புதிதாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் மூன்று போட வேண்டும்: சிவப்பு, கருப்பு, பச்சை. இரண்டு முனையிலும் அரை மீட்டர் கூடுதலாக வைத்து, ஒவ்வொன்றையும் 10 மீட்டராக வெட்டிக்கொள்கிறோம்.

முதலில் மெயினை நிறுத்தி, பியூஸைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள வேறொரு இடத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் இங்கே சோதிக்க வேண்டும்.

அடுத்து பழைய வயரை முழுவதும் உருவி எடுத்துவிட வேண்டும். "பழசு கிடக்கட்டும், பக்கத்திலேயே ஒண்ணு கூட இழுத்துடலாம்" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பிஷ் டேப்பின் முனை பழைய வயரைக் கீறிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு, அசையாமல் கிடக்கிற வயரின் மேல் புது வயர் வேகமாக உரசினால், கயிறு உரசிக் கையைச் சுடுவது மாதிரி, அந்த உரசல் சூட்டிலேயே பி.வி.சி. தோல் அறுந்துவிடும்.

எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது?

நம் உதாரணத்தில் இரண்டு வளைவும் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே வயரை மெயின் போர்டு பக்கம் ஊட்டி, கிரைண்டர் பக்கமிருந்து இழுக்க வேண்டும். காரணம் இதுதான். வளைவில் வயர் சுவரோடு அழுந்தும். வயருக்குப் பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறதோ, ஒவ்வொரு வளைவும் அதை ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்கு ஆக்கிவிடும். வளைவு தொடக்கத்திலேயே வந்தால், பின்னால் கொஞ்சம் வயர்தான் உராய்ந்துகொண்டிருக்கும். கடைசியில் வந்தால், 7 மீட்டர் வயரின் உராய்வும் சேர்ந்து அழுத்தும்.

அதனால் பிஷ் டேப்பை கிரைண்டர் பக்கமிருந்து தள்ளி, மெயின் போர்டில் வெளியே எடுக்கிறோம். ஒரு துணித்துண்டை அதில் கட்டி ஒரு தடவை இழுத்தால் பைப்புக்குள் இருக்கிற மணல், சிமெண்ட் துகள் எல்லாம் வந்துவிடும். சிமெண்ட் துகள் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. திரும்பவும் டேப்பை உள்ளே விட்டு மெயின் போர்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

கட்டுகிற முறை

தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது, செம்பைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். மூன்று வயரிலும் முனையில் ஒரு சாண் அளவு தோலை உரித்து, செம்புக் கம்பியை டேப்பின் காதில் நுழைத்து மடக்கி முறுக்குங்கள். மூன்று முறுக்கும் ஒரே இடத்தில் விழாமல் முன்னே பின்னே இருக்கட்டும். அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை வழுவழுப்பாக, முன்பக்கம் கூராக வருகிற மாதிரி சுற்றுங்கள். தலை பருமனாக இருந்தால் வளைவில் மாட்டிக்கொள்ளும்.

வழுக்குவதற்கு வயர் இழுக்கிற ஜெல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் டால்கம் பவுடர் தடவலாம். கிரீஸ், எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. அவை பி.வி.சி. தோலைக் கெடுத்துவிடும்.

இழுக்கும்போது

சுருளிலிருந்து வயரை வளையம் வளையமாக உருவாமல், சுருளை உருட்டி நேராக விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டுகிறவர் மூன்று வயரையும் பின்னிக்கொள்ளாமல் ஒன்றாகப் பிடித்து, பைப்பின் வாய்க்கு நேராகத் தள்ளித் தர வேண்டும். இரும்புப் பெட்டியின் ஓரத்தில் உரசாமல் இருக்க, துளையில் புஷ் போட வேண்டும். "இழுங்க" என்று ஊட்டுகிறவர் சொன்ன பிறகே அடுத்தவர் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்காமல் சீராக இழுக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் 2 மீட்டர் வயர் உள்ளே போனதும் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே மாட்டியது என்று கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 2 மீட்டரில் இருப்பது சுவர் மூலை வளைவு. இப்போது பலங்கொண்டு இழுத்தால் தோல் உரியும், அல்லது டேப் அவிழ்ந்து கையோடு வந்துவிடும். ஒரு சாண் பின்னால் இழுத்து, லேசாகத் திருப்பித் திரும்பவும் முயன்று பாருங்கள். இரண்டு மூன்று முறையிலும் போகாவிட்டால் வெளியே எடுத்து, தலையை மெலிதாகத் திரும்பக் கட்டுங்கள். வயர் நீளம் போதாவிட்டாலும் பைப்புக்குள் ஜாயிண்ட் போடக் கூடாது.

கெடவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தலை வெளியே வந்ததும் கூடுதலாக ஒரு முழம் இழுத்து, வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். தலைக்குப் பக்கத்தில் மட்டும் கீறல் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிடலாம். கீறல் கோடு மாதிரி நீண்டு பைப்புக்குள் போனால், மூன்றையும் வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாததை மெகர் என்ற கருவி காட்டும். எந்த மெஷினையும் இணைப்பதற்கு முன், 500 வோல்ட் மெகரால் சிவப்புக்கும் கருப்புக்கும், சிவப்புக்கும் பச்சைக்கும், கருப்புக்கும் பச்சைக்கும் நடுவே அளந்து காட்டச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. புது வயருக்கு அதைவிடப் பல மடங்கு அதிகமாகவே காட்ட வேண்டும். இரண்டு மூன்றிலேயே நின்றால் எங்கோ தோல் உரிந்திருக்கலாம், திரும்ப உருவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அளவைத் தேதியோடு குழுவின் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.