ரீஃபண்ட் வரலையா? எங்கே நிக்குதுன்னு பார்ப்போம்

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் உறுப்பினர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024-25இல் ஒப்பந்ததாரர் அவருக்குக் கொடுத்த கூலி 4,20,000 ரூபாய். அதில் 1 சதவீதமாக 4,200 ரூபாய் வரி பிடித்துவிட்டார். நூல், கரண்ட், ஆள் கூலி போக வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை. ஆக, கணக்குத் தாக்கல் செய்தால் 4,200 ரூபாயும் திரும்ப வரணும். தாக்கல் செய்தும் வரவில்லை என்றால் எங்கே தேடுவது?

முதலில் www.incometax.gov.in தளத்தில் நம் பான் எண்ணைப் போட்டு உள்ளே போய் View Filed Returns என்ற இடத்தைப் பார்க்கணும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போன்ற வழியில் உறுதி செய்திருந்தால்தான் அந்தக் கணக்கைக் கையிலேயே எடுப்பார்கள். பலருக்கு இங்கேயே நின்றுவிடுகிறது.

பணம் அனுப்பியும் திரும்பிப் போயிருந்தால் Refund Failed என்று காட்டும். அப்போது My Bank Account பக்கத்தைத் திறக்கணும். பான் அட்டையில் அப்பா பேரின் இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் பேரின் இனிஷியல் என்று இருந்தால் வங்கிக் கணக்கு சரிபார்ப்பில் தேறாது. வங்கிகள் இணைந்ததில் மாறிய பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் சிக்கல்தான். வங்கியில் பேரைத் திருத்தி, பான் எண்ணையும் சேர்த்து, மறுபடி சரிபார்த்தபின் Refund Reissue கேட்கலாம். குழுவின் சேமிப்புக் கணக்கைக் கொடுக்கக் கூடாது; பான் யார் பேரில் உள்ளதோ அவர் கணக்குதான் வேண்டும்.

இன்னொரு காரணம் பழைய பாக்கி. நம் உறுப்பினருக்கு, "2022-23ஆம் ஆண்டுக்கு 2,600 ரூபாய் பாக்கி, இந்த ரீஃபண்டில் கழிக்கப் போகிறோம்" என்று மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்ல 21 நாள்தான். சும்மா இருந்தால் கழித்துக்கொள்வார்கள். பாக்கிக்கு மாதம் 1 சதவீத வட்டியும் சேர்வதால் மிச்சம் 1,600 ரூபாய்கூட இருக்காது.

பயந்துபோய் "பாக்கி சரி" என்று அழுத்திவிடாதீர்கள். அதன்பின் மறுக்க முடியாது. அந்த வருஷத்து 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். ஒப்பந்ததாரர் வரியைப் பிடித்துவிட்டு பான் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தொகை அதில் இருக்காது. பாக்கி முளைத்தது அதனால்தான். அதைத் திருத்த வேண்டியவர் ஒப்பந்ததாரர். அவரிடம் திருத்தப் படிவம் தாக்கல் செய்யச் சொல்லணும். இதற்கிடையே, Response to Outstanding Demand பக்கத்தில் Disagree தேர்ந்தெடுத்து, காரணத்தை எழுதி, கூலி ரசீதையும் இணைக்கணும். 26ஏஎஸ்ஸில் தொகை ஏறியதும் அந்த ஆண்டுக் கணக்கைத் திருத்தும்படி அதே தளத்தில் விண்ணப்பித்தால் பாக்கி நீங்கும்.

பாக்கி நிஜமாகவே நம்முடையது என்றால் ஒத்துக்கொள்வதே நல்லது, வட்டி வளராது.