டிஎச்டி கணக்கு: கூட்டக் கூடாது, வர்க்கப்படுத்தணும்!

நம்ம கம்ப்யூட்டர் லேப் மாதிரி ஒரு லேபை எடுத்துக்குங்க. மூன்று ஃபேஸிலும் சமமான லோடு. ஒரு ஃபேஸில் ஓடும் மின்னோட்டத்தைப் பிரித்தால், 50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலையின் உச்ச வீச்சு 10 ஆம்பியர், 3-ஆவது ஹார்மோனிக் 6, 5-ஆவது 4, 7-ஆவது 2 என்று வைத்துக்கொள்வோம். டிஎச்டி எவ்வளவு?

பலரும் 6 + 4 + 2 = 12 என்று கூட்டி, 120% என்று எழுதிடுவாங்க. அது தவறு. ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகள் தனித்தனியாகத் தரும் சூடுதான் ஒன்றோடொன்று கூடும். அதனால் முதலில் வர்க்கங்களைக் கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுக்கணும்.

```
THD = √(6² + 4² + 2²) / 10
    = √56 / 10
    = 0.748  →  74.8%
```

உச்ச வீச்சுக்குப் பதில் ஆர்எம்எஸ் மதிப்பு கொடுத்திருந்தாலும் இதே விடைதான். மேலும் கீழும் √2 அடிபட்டுப் போகும். ஆனால் மேலே ஒன்று, கீழே இன்னொன்று என்று கலந்துவிடாதீங்க.

வகுக்கும் எண்ணையும் கவனிங்க. அது அடிப்படை அலை மட்டும்தான். சில மீட்டர்கள் மொத்த மின்னோட்டத்தால் வகுக்கும். அப்போது √56 / √156, அதாவது சுமார் 60% காட்டும். இந்த முறையில் விடை ஒருபோதும் 100%-ஐத் தாண்டாது.

இப்போ மொத்த ஆர்எம்எஸ்: √(156/2) = 8.83 ஆம்பியர். ஃபேஸ் ஒயரில் ஓடுவது இவ்வளவுதான். நியூட்ரலில்?

சமமான லோடு என்பதால் அங்கே ஒன்றும் ஓடாது என்று தோணும். அடிப்படை அலை, 5, 7 மூன்றும் அங்கே ரத்தாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 120 டிகிரி இடைவெளி 3-ஆவது ஹார்மோனிக்கில் 3 × 120 = 360 டிகிரி ஆகிவிடுகிறது. அதாவது மூன்று ஃபேஸிலும் அது ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். அதனால் நியூட்ரலில் உச்ச வீச்சு 3 × 6 = 18 ஆம்பியர். ஆர்எம்எஸ் 12.7. ஃபேஸ் ஒயரைவிட சுமார் 1.44 மடங்கு! இரண்டுக்கும் ஒரே தடிமன் ஒயர் போட்டிருந்தால், முதலில் சூடாவது நியூட்ரல்தான்.

இன்னொரு லோடில் 3-ஆவது சுத்தமாக இல்லாமல், 5-ம் 7-ம் மட்டுமே சேர்ந்து அதே √56 வரலாம். டிஎச்டி அப்போதும் 74.8%தான், ஆனால் நியூட்ரலில் மின்னோட்டம் பூஜ்யம். ஆக, டிஎச்டி எண்ணை மட்டும் பார்த்து ஒயர் தேர்வு செய்யாதீங்க. 3, 9, 15 என மூன்றின் ஒற்றை மடங்குகள் எவ்வளவு இருக்குன்னு தனியா பாருங்க.