பத்து நிமிடத்தில் ஓர் அறிமுக உரை

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பாம்புக்கடி பற்றி ஓர் அரசு மருத்துவர் பேசினார். அறிமுகம் செய்ய வேண்டியவர் வரவில்லை. பத்து நிமிடம் இருக்கும்போது என்னிடம் சொன்னார்கள். கையில் கிடைத்த பயோடேட்டாவை அப்படியே வாசித்துவிட்டு இறங்கினேன். திடீரென்று மாட்டிக்கொண்டால் எப்படிப் பேசுவது?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: அந்தப் பத்து நிமிடத்தில் பேச்சைத் தயாரிக்க உட்காராதீர்கள். நேராகப் பேச்சாளரிடம் போங்கள். பெயர், இன்ஷியல், இப்போதைய பதவி மூன்றையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் இருப்பது பழைய பதவியாக இருக்கலாம். "இன்று எதை முக்கியமாகச் சொல்லப்போகிறீர்கள் சார்?" என்றும் கேளுங்கள். அது நீங்கள் தொடக்கூடாத இடம்.

பிறகு மூன்று கேள்விகள் போதும். இன்று என்ன பேச்சு? வந்திருப்பவர்களுக்கு அதனால் என்ன? அதைச் சொல்ல ஏன் இவர்? இதே வரிசையில் பேசினால் பெயர் தானாகக் கடைசியில் வந்து நிற்கும், கைதட்டலும் அங்கே விழும். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால், முடிக்க இடம் தெரியாமல் "இத்துடன் என் உரையை" என்று தடுமாற வேண்டிவரும்.

உங்கள் கூட்டத்துக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்: "இன்று பாம்புக்கடி பற்றிப் பேச்சு. நம்மில் பலர் விடிவதற்கு முன்பே தோப்புக்குப் போகிறவர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கின் பெயரும் நமக்குத் தெரியும். கடித்த முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார். சரியான பதிலைச் சொல்ல, இப்படிக் கடிபட்டு வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்துவரும் மருத்துவர் வந்திருக்கிறார்." அடுத்தது பெயர். பேசிப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் கயிறு கட்டுவது, கீறி விடுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டுமே தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதை அவிழ்க்க வேண்டியவர் மருத்துவர். அறிமுகம் செய்பவர் சொல்லிவிட்டால், "இப்போது இவர் சொன்னதுபோல" என்று தொடங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

சீட்டில் முதல் வாக்கியத்தையும் பெயர் வரும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் திணறினாலும் யாருக்கும் தெரியாது. "எனக்கே இப்போதுதான் சொன்னார்கள்" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். அதுவரை அது யாருக்கும் தெரியாது. மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக "அவர்களே, அவர்களே" என்று விளித்துக்கொண்டிருப்பதும் என் கணக்கில் வீண்தான். தலைவரையும் அவையையும் விளித்தால் போதும்.

பேச்சாளர் இன்னும் பஸ்ஸில் இருக்கிறார், இழுத்துப் பேசுங்கள் என்று சைகை வந்தால் இரண்டாவது கேள்வியை அவையிடமே விட்டுவிடுங்கள். "உங்கள் வீட்டுப் பக்கம் பாம்பு கடித்தபோது என்ன செய்தார்கள்?" என்று கேட்டு, மைக்கைக் கீழே அனுப்புங்கள். நேரம் தாராளமாக ஓடும். யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டு மருத்துவர் வந்ததும் கொடுத்தால், எந்தத் தவறான பழக்கத்திலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.