எழுபதில் ஒன்று எதைச் சொல்கிறது?

அன்புள்ள கயல்விழி,

உன் திட்ட அறிக்கையின் வரைவைப் படித்தேன். கத்தரி விதைகளில் 100-ஐப் பஞ்சகவ்யக் கரைசலிலும் 100-ஐ வெறும் தண்ணீரிலும் ஊறவைத்து முளைக்க விட்டிருக்கிறாய். முதல் கூட்டத்தில் 82 முளைத்தன, இரண்டாவதில் 69. பி-மதிப்பு 0.03. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியில், "எனவே பஞ்சகவ்யம் பலன் தருகிறது என்பது 97% உறுதி" என்று எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் "இப்படிச் சொல்லலாம்தானே ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். சொல்லக் கூடாது அம்மா. ஏன் கூடாது என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினால் நீ வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொள்வாய், நினைப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

ஃபிஷரின் தேநீர்ச் சோதனையை வகுப்பில் படித்திருப்பாய். பாடப்புத்தகங்கள் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுச் சூத்திரத்துக்குத் தாவிவிடுகின்றன. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, ஏனென்றால் பி-மதிப்பைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அந்த எட்டுக் கோப்பைகளுக்குள்ளேயே இருக்கிறது. 1920-களில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், பாசிகளை ஆராய்ந்துவந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா டீ ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே தன்னால் சொல்ல முடியும் என்றார். இந்தச் சோதனையைத்தான் ஃபிஷர் 1935-இல் சோதனை வடிவமைப்பு பற்றி வெளியிட்ட நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் பேரைச் சொல்லாமல் விரித்து எழுதினார். நான் பலமுறை திரும்பிப் போய்ப் படிக்கும் அத்தியாயம் அது. அதில் அந்த அம்மையார் சரியாகச் சொன்னாரா இல்லையா என்பதே கிடையாது! முடிவைச் சொல்லாமலேயே ஃபிஷரால் எல்லாக் கணக்கையும் போட முடிந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

எட்டுக் கோப்பைகளில் நான்கில் முதலில் பால், நான்கில் முதலில் டீ. இந்தப் பங்கீடு அவருக்குத் தெரியும்; எந்த வரிசையில் வரும் என்பது தெரியாது. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். அவருக்கு அந்தத் திறமை துளியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது 70 தேர்வுகளும் சம வாய்ப்புள்ளவை. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆகவே எட்டையும் சரியாகச் சொன்னால் பி-மதிப்பு 70-இல் 1, அதாவது 0.014.

இந்த 0.014 எங்கிருந்து வந்தது என்று கவனி. "திறமை இல்லை என்று வைத்துக்கொள்வோம்" என்ற இடத்தில் கணக்கு தொடங்கியது. எதை உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோமோ, அது உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று அதே கணக்கின் விடையால் எப்படிச் சொல்ல முடியும்? திறமை இல்லாதவர் இவ்வளவு சரியாகவோ இதைவிடச் சரியாகவோ சொல்ல வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் பி-மதிப்பு. இவ்வளவு சரியாகச் சொன்னவருக்குத் திறமை இல்லாமலிருக்க வாய்ப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை வேண்டுமென்றால் இன்னொரு தகவல் தேவை. எண்களில் காட்டுகிறேன்.

701 பேர் இந்தச் சோதனைக்கு வருகிறார்கள் என்று வை. ஒருவருக்கு மட்டும் உண்மையிலேயே அந்த நாக்கு இருக்கிறது. அவர் தவறவே மாட்டார். மற்ற 700 பேரும் குருட்டாம்போக்கில் சொல்கிறவர்கள். அந்த 700 பேரில் எத்தனை பேர் எட்டையும் சரியாகச் சொல்வார்கள்? எழுபதுக்கு ஒருவர் வீதம் சராசரியாகப் பத்துப் பேர். திறமைசாலியையும் சேர்த்தால் வெற்றி பெற்றவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரில் யாரை எடுத்தாலும் அவருடைய பி-மதிப்பு 0.014-தான். ஆனால் அவருக்குத் திறமை இருப்பதற்கான வாய்ப்பு 11-இல் 1. உன் வாக்கியப்படி அது 98.6% ஆகியிருக்க வேண்டும். உண்மையில் சுமார் 9%.

இப்போது வேறொரு கூட்டம். 140 பேர் வருகிறார்கள், பாதிப் பேருக்குத் திறமை உண்டு. அந்த 70 பேரும் சரியாகச் சொல்வார்கள், மற்ற 70 பேரில் சராசரியாக ஒருவர் குருட்டு அதிர்ஷ்டத்தால் சொல்வார். இங்கே வெற்றி பெற்றவருக்குத் திறமை இருக்க வாய்ப்பு 71-இல் 70. கோப்பைகள் அதே எட்டு, பி-மதிப்பு அதே 0.014, முதல் கூட்டத்தில் 9% என்றிருந்த விடை இங்கே கிட்டத்தட்ட 99%. சோதனைக்கு வருமுன்பே அந்தக் கூட்டத்தில் திறமை எவ்வளவு பரவியிருந்தது என்பதுதான் வித்தியாசம், அது பி-மதிப்பின் கணக்கில் எங்குமே நுழையவில்லை.

இது வெறும் கணக்கு விளையாட்டு என்று நினைத்துவிடாதே. 2011-இல் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டாரில் பெம், மனிதர்களால் எதிர்காலத்தை முன்கூட்டி உணர முடிகிறது என்று ஒன்பது சோதனைகளை வெளியிட்டார். முதல் சோதனையில் 100 மாணவர்கள், இரண்டு திரைகளில் எதன் பின்னே படம் வரப்போகிறது என்று சொல்ல வேண்டும். பாலுணர்வைத் தூண்டும் படங்கள் வந்த முறைகளில் 53.1% சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் 50% வந்திருக்கும். பி-மதிப்பு 0.01. உன் முறைப்படி வாசித்தால், மனிதருக்கு வருங்காலம் தெரியும் என்பது 99% உறுதி! எந்த உளவியல் துறையும் அப்படி ஏற்கவில்லை, ஏற்கவும் கூடாது.

நீ மட்டும் இப்படி எழுதவில்லை என்பது உனக்கு ஆறுதலாக இருக்கலாம், எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 2002-இல் ஹாலர், கிராஸ் என்ற இருவர் ஜெர்மனியின் உளவியல் துறைகளில் பி-மதிப்பு பற்றிய ஆறு தவறான வாக்கியங்களைக் கொடுத்து எவை சரி என்று கேட்டார்கள். மாணவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. புள்ளியியலே கற்பிக்கிறவர்களில் 80% பேர் குறைந்தது ஒன்றையாவது சரி என்று ஏற்றார்கள். கற்பிக்கிறவர் தவறாகப் புரிந்துகொண்டு கற்பித்தால் மாணவர் எங்கே போவார்? அடுத்த ஆண்டு ஜூனியர்களுக்கு நீ விளக்கப்போகிறாய் என்பதால்தான் உன்னிடம் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன்.

உன் தோழியின் அறிக்கையும் கூடவே வந்திருந்தது. அவளுக்கு 0.17 வந்ததாம், "இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் இல்லை என்று நிரூபணமானது" என்று எழுதிவிட்டாள். அவளிடம் இதைச் சொல். அந்த அம்மையாருக்கு எட்டுக்குப் பதில் நான்கு கோப்பைகள்தான் கொடுத்தோம், இரண்டில் பால் முதலில், இரண்டில் டீ முதலில். தேர்ந்தெடுக்க ஆறே வழிகள். அவர் நான்கையும் பிழையில்லாமல் சொல்கிறார். பி-மதிப்பு 6-இல் 1, அதாவது 0.17. ஒரு கோப்பைகூடத் தவறாமல் சொன்னவருக்கும் 0.05 என்ற மிகைகாண் நிலையைத் தாண்ட வழியே இல்லை. அதை வைத்து "திறமை இல்லை என்று நிரூபணம்" என்றால் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். அந்தச் சோதனைக்குத் திறமையைக் கண்டுபிடிக்கும் வலுவே இல்லை என்பதுதான் உண்மை. எட்டுக் கோப்பைகளிலும் அப்படித்தான்: பால் முதலில் ஊற்றிய நான்கில் மூன்றைக் கண்டுபிடித்துவிட்டு ஒன்றை மாற்றிச் சொன்னால், அதற்கு 16 வழிகள், முழுச் சரியையும் சேர்த்தால் 70-இல் 17, பி-மதிப்பு 0.24. ஒரே ஒரு சறுக்கல், 0.014 என்பது 0.24 ஆகிவிடுகிறது. பெரிய பி-மதிப்பைப் பார்த்தவுடன் உன் தோழி கேட்க வேண்டிய கேள்வி, "உண்மையிலேயே வித்தியாசம் இருந்திருந்தால் என் சோதனை அதைப் பிடித்திருக்குமா?" என்பதுதான்.

உன் விதைகளுக்கு வருகிறேன். பஞ்சகவ்ய விதைகள் 100-ம் ஒரே தட்டிலும் தண்ணீர் விதைகள் 100-ம் இன்னொரு தட்டிலும் இருந்தனவா? வரைவில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஃபிஷர் கோப்பைகளின் வரிசையைக் குலுக்கல் முறையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 70 தேர்வுகளும் சம வாய்ப்புள்ளவை என்று சொல்ல அந்தக் குலுக்கல்தான் உரிமை தருகிறது. பால் முதலில் ஊற்றிய நான்கையும் கடைசியில் கலந்து, சூடு ஆறுமுன் கொடுத்திருந்தால், நாக்குத் திறமை இல்லாமலே கோப்பையின் சூட்டை வைத்து அவர் எட்டையும் சொல்லியிருப்பார், 0.014 அப்படியே வந்திருக்கும். உன் சோதனையிலும் ஒரு தட்டு ஜன்னலோரம் இருந்து வெயிலும் கதகதப்பும் கூடுதலாகக் கிடைத்திருந்தால், அந்த 13 விதை வித்தியாசம் ஜன்னலின் வேலையாக இருக்கலாம். இன்மைக் கருதுகோளை மட்டும் வைத்து 0.03 வந்துவிடவில்லை. ஒவ்வொரு விதையும் தனித்தனியாகத் தன் போக்கில் முளைத்தது, இரு கூட்டத்துக்கும் ஊறவைத்த கரைசலைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று என்ற அனுமானங்களும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. சிறிய பி-மதிப்பு இவற்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை போலிருக்கிறது என்கிறது. எது என்று சொல்வதில்லை. ஐந்தைந்து சிறு தட்டுகளாகப் பிரித்து, எந்தத் தட்டு எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, மறுபடி ஒருமுறை செய். தட்டு வாரியாக முளைத்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்.

கடைசியாக ஒன்று. 0.03 என்பது வித்தியாசம் பெரிதா சிறிதா என்பதையும் சொல்லாது. ஒரு நாணயத்தைப் பத்து லட்சம் முறை சுண்டி 5,01,000 தலை விழுந்தால் பி-மதிப்பு சுமார் 0.046, பத்தே முறை சுண்டி எட்டுத் தலை விழுந்தால் 0.11. முதல் நாணயத்தின் கோணல் ஆயிரத்தில் ஒரு பங்கு, எந்தப் பந்தயத்திலும் யாருக்கும் தெரியாது. விவசாயிக்கு வேண்டியது எத்தனை விதை கூடுதலாக முளைக்கும் என்ற எண். உன்னிடம் அது இருக்கிறது, ஆனால் அட்டவணையில் புதைத்துவிட்டு 0.03-ஐத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய்.

அந்த 97% வரியை அடித்துவிடு. அந்த இடத்தில் இப்படி எழுது: "பஞ்சகவ்யக் கரைசலில் ஊறிய 100 விதைகளில் 82-ம் தண்ணீரில் ஊறிய 100 விதைகளில் 69-ம் முளைத்தன. வித்தியாசம் 13 சதவீதப் புள்ளிகள். 95% நம்பிக்கை இடைவெளி சுமார் 1 முதல் 25 வரை. இரு முறைகளுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர வாய்ப்பு 0.03." அதற்குக் கீழே, தட்டுகளை எப்படி வைத்தாய் என்பதை ஒளிக்காமல் எழுது. பலன் ஒரு புள்ளியாகவும் இருக்கலாம், 25 புள்ளியாகவும் இருக்கலாம் என்பதை அந்த இடைவெளி வெளிப்படையாகச் சொல்கிறது. திருத்திய வரைவைத் தட்டு வாரிக் கணக்கோடு அனுப்பு. இரண்டாவது சோதனை முடியும்வரை "பலன் தருகிறது" என்ற சொற்களை முடிவுரையில் போடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்