புதிய வகுப்பின் முதல் வாரம்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆறாம் வகுப்பில் வந்து அமரும் சிறுமியர் பல இடங்களிலிருந்து வருகின்றனர். சிலர் நம் தொடக்கப் பள்ளியிலேயே படித்தவர்கள். சிலர் ஓரிரு ஆசிரியர்களே உள்ள கிராமப் பள்ளியிலிருந்து வருபவர்கள். முன்னவர்க்கு மணி அடித்தால் என்ன செய்வது, நோட்டை எங்கே வைப்பது என்பதெல்லாம் பழகிப் போனவை. பின்னவர்க்கோ எல்லாமே புதிது. சொல்லித் தராத ஒன்றைச் செய்யவில்லை என்று இவர்களைக் கண்டிப்பது நியாயமாகாது. ஆகையால் வகுப்பின் நடைமுறைகளையும் ஒரு பாடமாகவே கருதி, முதல் வாரத்தில் கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியைகளாகிய எங்கள் கருத்து. அதை எவ்வாறு செய்வது என்பதை, 48 மாணவியர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு இங்கே காண்போம்.

இக்கருத்து புதியதன்று. பிரான்சு நாட்டில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிகள் நடத்திய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் தம் ஆசிரியர்களுக்காக உருவாக்கிய கையேடு 1720இல், அவர் இறந்த மறு ஆண்டில், அச்சாயிற்று. மாணவர் உள்ளே வருவது முதல் வீடு திரும்புவது வரை ஒவ்வொரு செயலும் எப்படி நடக்க வேண்டும் என்று அது விளக்குகிறது. ஆசிரியர் குறைவாகவே பேச வேண்டும். கையிலுள்ள சிறு கருவியால் ஒலி எழுப்பிக் குறிப்புக் காட்டினால் போதும் என்கிறது. ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருச்சபை 1950இல் அறிவித்தது இவரைத்தான்.

முதலில் ஓர் எச்சரிக்கை. முதல் நாளே இருபது விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதால் பயனில்லை. மாணவியர் அவற்றை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். முதல் வாரத்திற்கு மூன்று நடைமுறைகள் போதும். ஆசிரியை கை உயர்த்தினால் பேச்சை நிறுத்துவது ஒன்று. நோட்டுகளைத் திரட்டுவது இரண்டு. வகுப்பை விட்டு வெளியே சென்று வருவது மூன்று. நாளுக்கு ஒன்றாக இவற்றைக் கற்பிக்கலாம்.

திங்களன்று கை உயர்த்தும் குறிப்பு. சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும்; பழகுவதற்குத்தான் நேரம் வேண்டும். வேண்டுமென்றே இரண்டு நிமிடம் பேசவிட்டு, ஆசிரியை பேசாமல் கையை உயர்த்தி நிற்க வேண்டும். கடைசிப் பெஞ்சும் அமைதியாகும் வரை வாய் திறக்கலாகாது. பாதி அமைதியிலேயே பேசத் தொடங்கினால், ஆசிரியை பேசும்போது நாமும் பேசலாம் என்பதையே வகுப்பு கற்றுக்கொள்ளும்.

செவ்வாயன்று நோட்டுத் திரட்டல். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வகுப்பில் 12 பெஞ்சுகள். முன்பின்னாக நான்கு பெஞ்சுகள் கொண்ட மூன்று வரிசைகள். பெஞ்சுக்கு நான்கு பேர். "நோட்டைக் கொண்டு வாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் 48 பேரும் எழுந்து மேசையை மொய்த்துக்கொள்வர். அதற்குப் பதிலாக, ஒவ்வொருத்தியும் திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்து, பெஞ்சின் ஓரத்தில் இருப்பவளிடம் கொடுக்கிறாள். கடைசிப் பெஞ்சின் நான்கு நோட்டுகள் முன் பெஞ்சுக்குப் போகின்றன. அங்குள்ளவள் தன் பெஞ்சின் நோட்டுகளை அவற்றின் மேல் வைத்து முன்னே தருகிறாள். முதல் பெஞ்சிலிருந்து மூவர் மட்டும் எழுந்து, மூன்று அடுக்குகளை மேசையில் வைக்கிறார்கள்.

ஒவ்வோர் அடுக்கிலும் 16 நோட்டுகள் இருக்க வேண்டும். முதல் பெஞ்சின் நோட்டுகள் மேலே இருக்கும். வரிசை கலையாமல் திருத்தி வைத்தால், திருப்பித் தருவதும் எளிது. முதல் பெஞ்சு மேலுள்ள நான்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னே தரும்.

வீட்டுப் பாடம் எழுதாதவள் என்ன செய்வாள்? அவள் நோட்டுக்குப் பதிலாக ஒரு துண்டுத் தாளில் தன் பெயரையும் காரணத்தையும் எழுதி வைக்கிறாள். வராதவளுக்காகப் பக்கத்தில் இருப்பவள் ஒரு தாள் வைக்கிறாள். எண்ணிக்கை எப்போதும் 16தான். இதனால் "எழுதாதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இரவில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எழுத முடியாதவளின் காரணத்தை ஆசிரியை தனியே படிக்கிறார். நாற்பத்தேழு பேர் கேட்பதில்லை.

இதை ஆசிரியை முதலில் ஒரு வரிசையைக் கொண்டு செய்து காட்ட வேண்டும். பிறகு வகுப்பு முழுவதும் மூன்று முறை செய்து பார்க்க வேண்டும். எங்கே தவறு நேர்கிறதோ அங்கேயே நிறுத்தி, "அந்தப் பெஞ்சிலிருந்து மறுபடியும்" என்றால் போதும். வரிசைகளுக்குள் போட்டி வைத்தல் கூடாது. வேகத்துக்காக நோட்டுகள் கிழியும். இதனால் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் மிச்சமானால், 200 வேலை நாள்களில் 800 நிமிடம். அதாவது நாற்பது நிமிடப் பாடவேளைகள் இருபது.

புதனன்று மூன்றாவது. பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இதுவே மிக முக்கியமானது. பத்து, பதினொரு வயதில் சிலருக்கு மாதவிடாய் தொடங்கிவிடுகிறது. "டீச்சர், வெளியே போகலாமா?" என்று எல்லார் முன்னும் கேட்கக் கூசி, உடம்பு வேதனையோடு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. வெளியே போக நேருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்போரும் உண்டு. கதவருகே ஆணியில் இரண்டு மர அட்டைகளைத் தொங்கவிடலாம். போக வேண்டியவள் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் போகிறாள். திரும்பி வந்து மாட்டுகிறாள். இரண்டும் வெளியே இருந்தால் காத்திருக்க வேண்டும். அவசரமானால் ஆசிரியையின் அருகில் வந்து மெதுவாகச் சொன்னால் போதும். இதையும் நடந்து காட்டிப் பழக்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை ஒரு முறை அட்டையை எடுத்துப் பார்த்தால்தான் அடுத்த முறை தயங்காமல் எடுப்பாள். தேவையின்றிச் சுற்றுபவளைத் தனியே அழைத்துக் கேட்கலாமேயன்றி, அவளை முன்னிட்டு அட்டைகளை எடுத்துவிடலாகாது.

வியாழனும் வெள்ளியும் புதிதாக எதையும் சேர்க்காமல், மூன்றையும் மறுபடி செய்து பார்க்கும் நாள்கள்.

பல வகுப்புகளில் உள்ள ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆசிரியை இல்லாதபோது தலைவி, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுகிறாள். தோழியின் பெயர் விடுபடுகிறது. பிடிக்காதவள் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் கூடுகின்றன. பதினொரு வயதுப் பிள்ளையை நீதிபதியாக்கினால் வேறென்ன நேரும்? தலைவிக்குத் தண்டிக்கும் வேலை வேண்டாம். அட்டைகள் இடத்தில் உள்ளனவா, அடுக்கில் 16 உள்ளதா என்று பார்க்கும் வேலை கொடுப்போம். அதையும் வாரம் ஒருத்தியாக மாற்றிக் கொடுத்தால் பலருக்கும் முறை வரும்.

நடைமுறை நன்கு பதிந்ததா என்பதை எப்படி அறிவது? "டீச்சர், நோட்டை எங்கே வைக்கட்டும்?" என்ற கேள்வி நின்றுவிடும். வேறோர் ஆசிரியை வந்தாலும் வேலை அப்படியே நடக்கும். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு தளர்ச்சி தோன்றுவது இயல்பு. அப்போது திட்டுவதைவிட, ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி மறுபடி பழக்குவதே நன்று. ஒரே வகுப்புக்கு வரும் ஆசிரியைகள் ஆளுக்கொரு முறை வைத்தால் மட்டும் எதுவும் நிலைக்காது. ஆகவே இம்மூன்றையும் பள்ளி திறக்கும் முன்பே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரத்தில் "இன்று என்ன பாடம் நடந்தது?" என்று கேட்கிறீர்கள். "நோட்டுக் கொடுக்கப் பழகினோம்" என்று மகள் சொன்னால், நாள் வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். வெளியே போகும் அட்டை எங்கே தொங்குகிறது என்று அவளிடம் கேளுங்கள். அது அவளுக்குத் தெரிந்திருந்தால், புதிய வகுப்பில் அவள் அச்சமின்றி உட்கார்ந்திருக்கிறாள் என்று பொருள்.