விரிதாளிலிருந்து ஈ.ஆர்.பி.க்கு: பட்டியலைச் செப்பனிடும் முறை

கோலார் தங்கவயலில் இயந்திர உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எக்செல் விரிதாளில் பல்லாண்டுகளாகப் பேணிய சரக்கு வழங்குவோர் பட்டியலை அது ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு மாற்றவிருக்கிறது. பட்டியலில் 240 வரிகள்; கொடுக்க வேண்டிய நிலுவை மொத்தம் ரூ.18,40,600. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டுமே பணிபுரிய வேண்டும்.

முதற்பணி, இரட்டைப் பதிவுகளை நீக்குதல். இதற்குப் பெயரை நம்பலாகாது, ஜி.எஸ்.டி. எண்ணையே நம்ப வேண்டும். அது 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. அடுத்த பத்தும் பான் எண். ஜி.எஸ்.டி. எண் B நெடுவரிசையில் இருப்பின், பின்வரும் சூத்திரங்கள் முறையே நீளத்தையும், மாநிலத்தையும், பானையும் காட்டும்:

```
=LEN(TRIM(B2))
=LEFT(TRIM(B2),2)
=MID(TRIM(B2),3,10)
```

ஓர் இரும்பு வணிகர் மூன்று வரிகளில் இருக்கிறார் எனக் கொள்வோம். பான் மூன்றிலும் ஒன்றே. கோலார்க் கிளையின் இரு வரிகளில் ஜி.எஸ்.டி. எண் ஒன்றே, 29 என, அதாவது கர்நாடகத்தின் குறியீட்டுடன், தொடங்குகிறது. பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டுமே வேறு. மூன்றாவது, ஓசூர்க் கிளை, தமிழ்நாட்டின் 33. முதல் இரண்டையும் இணைக்கலாம்: நிலுவைகள் ரூ.42,000, ரூ.18,500 சேர்ந்து ரூ.60,500 ஆகும். ஓசூர் வரியை இணைக்கலாகாது. மாநிலம் மாறினால் வரியின் வகையும் மாறும். எல்லையோர ஊரான தங்கவயலில் இப்பிழை எளிதில் நேரும்.

அடுத்தது வங்கி விவரம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கெண்ணை எண்ணாகப் பதிந்திருந்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும்; தொடக்கச் சுழியங்களும் மறையும். நீண்ட கணக்கெண்கள் பலவும் சுழியத்தில் முடிந்தால் ஐயுற வேண்டும். பின்னர் வடிவத்தை மாற்றினாலும் இழந்த இலக்கம் மீளாது. நெடுவரிசையை ‘உரை’ வடிவாக்கி, ரத்துசெய்த காசோலையைப் பார்த்து மீண்டும் பதிய வேண்டும்.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்துகள் கொண்டது; ஐந்தாவது எப்போதும் சுழியம். SYNB எனத் தொடங்குபவை சிண்டிகேட் வங்கிக்குரியவை. அவ்வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியுடன் இணைந்தது; 2021 ஜூலை முதல் அக்குறியீடுகள் செல்லாது. புதியதைக் கணக்குதாரரிடமே, முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதிசெய்தல் நலம்.

பின்னர், பழைய நெடுவரிசை ஒவ்வொன்றும் ஈ.ஆர்.பி.யின் எப்புலத்திற்குச் செல்லும் என அட்டவணை வரைய வேண்டும். ‘பெயரும் முகவரியும்’ என்ற ஒன்று பல புலங்களாகப் பிரியும். நிலுவையில் கழித்தல் குறி இருந்தால் அது பெரும்பாலும் நாம் கொடுத்த முன்பணம். பற்றுப் பக்கம் செல்ல வேண்டும். குறியைத் தவறவிட்டால் முன்பணம் கடனாகிவிடும்.

இறுதியாக, சோதனைப் பதிவேற்றம். இரு வரிகள் இணைந்ததால் எண்ணிக்கை 239 ஆகும். நிலுவை மொத்தமோ ரூ.18,40,600 ஆகவே இருத்தல் வேண்டும். ரூ.10,000 முன்பணம் ஒன்று பக்கம் மாறியிருந்தால் மொத்தம் ரூ.20,000 கூடியிருக்கும். ஆகவே வேறுபாட்டின் பாதித் தொகையைப் பட்டியலில் முதலில் தேடுக.