'இயன்றதைக் கொடுங்கள்' நிகழ்ச்சி நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊரில் 120 இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கில் ஒரு மாலை நவீன நாடகம் போடுகிறீர்கள். டிக்கெட்டுக்கு விலை வைக்காமல், வருபவர் இயன்றதைக் கொடுக்கட்டும் என்று விடலாமா? விட்டால் எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு பணம் சேரும்? இந்த எடுத்துக்காட்டை வைத்தே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: இந்த முறை பொருந்துமா என்று பாருங்கள்

கூடுதலாக ஒருவர் வந்தால் உங்களுக்கு என்ன செலவு? நாடகத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காலியாகக் கிடக்கும் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து 50 ரூபாய் கொடுத்தாலும் அது வரவுதான். சாப்பாட்டோடு நடக்கும் நிகழ்ச்சி அப்படியல்ல. ஒவ்வொரு இலைக்கும் செலவு உண்டு என்பதால் கூட்டம் கூடக் கூட நட்டமும் கூடலாம். சிங்கப்பூர் அன்னலட்சுமி உணவகம் இந்த முறையில் உணவு பரிமாறியது என்றால், அதற்குப் பின்னால் தன்னார்வலர்களின் உழைப்பு இருந்தது.

படி 2: எப்போது, எப்படி வாங்குவது?

இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரிலுள்ள ஆர்க் கலை மையம் 2015இல், நாடகம் பார்த்து முடித்த பிறகு தொகையை முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. புதியவர்களின் நாடகத்துக்கு இது நல்லது. தெரியாத ஒன்றுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் தயக்கம் இருக்காது.

வெளியேறும் வழியில் மூடிய பெட்டி ஒன்றும், சற்றுத் தள்ளி க்யூஆர் அட்டைகள் இரண்டும் வையுங்கள். தொகையை உரக்க அறிவிக்கும் யுபிஐ ஒலிப்பெட்டி வேண்டாம். வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படி அது "இருபது ரூபாய்" என்று சொல்லிவிட்டால், குறைவாகக் கொடுக்க நினைத்தவர் அடுத்த முறை வரமாட்டார். பெயரும் தொகையும் எழுத இது மொய் நோட்டு இல்லை.

படி 3: வழிகாட்டும் தொகையைச் சொல்லுங்கள்

'விருப்பம்போல்' என்று மட்டும் எழுதினால், எவ்வளவு கொடுப்பது முறை என்று தெரியாமல் பார்வையாளர் திணறுவார். 100, 200, 500 என்று மூன்று தொகைகளைப் போட்டு, '100 ரூபாய்க்குக் குறைவாகவும் தரலாம், தராமலும் போகலாம்' என்று சேர்த்து எழுதுங்கள்.

பணம் எதற்குப் போகிறது என்பதையும் சொல்லுங்கள். 2010இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் சவாரிப் படங்களை விருப்ப விலையில் விற்றுப் பார்த்தது. சராசரியாக ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. பாதித் தொகை தொண்டுக்குப் போகும் என்றதும் வாங்கியவர்கள் குறைந்தார்கள். ஆனால் வாங்கியவர்கள் பல மடங்கு கொடுத்தார்கள்.

படி 4: வருகையைக் கணியுங்கள்

இலவச முன்பதிவில் பெயர் கொடுத்தவர் எல்லாரும் வந்துவிடமாட்டார்கள். 140 பேர் பதிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிகழ்ச்சி என்பதால் ஒரே எண்ணை நம்பாமல் 60, 80, 100 என்று மூன்று மதிப்பீடுகளை எழுதுங்கள்.

அடுத்து, தலைகளை எண்ணாமல் குழுக்களை எண்ணுங்கள். கணவன், மனைவி, குழந்தை மூவரும் வந்தாலும் பெட்டியில் பணம் போடுவது ஒரு கைதான். குழுவுக்குச் சராசரி இரண்டு பேர் என்றால் 30, 40, 50 குழுக்கள்.

படி 5: வரவைக் கணியுங்கள்

140 பேர், தலைக்கு 200 ரூபாய், ஆக 28,000 என்றுதான் புதியவர்கள் கணக்குப் போடுவார்கள். அதை விட்டுவிட்டு, பத்துக் குழுக்கள் எப்படிக் கொடுக்கும் என்று யோசியுங்கள். இரண்டு ஒன்றும் தராது, மூன்று 100 தரும், நான்கு 200 தரும், ஒன்று 500 தரும் என்று கொண்டால் 1,600 ரூபாய். அப்படியானால் மூன்று மதிப்பீடுகளுக்கும் முறையே 4,800, 6,400, 8,000 ரூபாய் வரும்.

இதில் 500 தருபவர்தான் நிச்சயமற்றவர். குறைந்த மதிப்பீட்டின் 30 குழுக்களில் 500 தரும் மூன்றையும் கழித்துப் பாருங்கள்: 3,300 ரூபாய்தான் மிஞ்சும்.

படி 6: முடிவெடுங்கள்

அரங்க வாடகை, ஒலி ஒளி, பயணம், சுவரொட்டி எல்லாம் சேர்த்துச் செலவு 9,500 ரூபாய் என்றால், மிக மோசமான நிலையில் 6,200 ரூபாய் துண்டு விழும். அந்தத் தொகைக்கு ஒரு புரவலரை முன்னமே பிடித்துவிட்டால் துணிந்து இறங்கலாம். இல்லையென்றால் வாடகை குறைந்த இடம் தேடுங்கள்.

நிலையான விலையோடும் ஒப்பிடுங்கள். 200 ரூபாய் டிக்கெட்டுக்கு 35 பேர் வருவார்கள் என்று தோன்றினால் வரவு 7,000. இயன்றதைக் கொடுக்கும் முறையின் நடு மதிப்பீடு 6,400. வித்தியாசம் 600 ரூபாய். கூடுதலாக நாடகம் பார்ப்பவர்கள் 45 பேர். இந்தப் பேரம் உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

படி 7: அன்றிரவே குறித்து வையுங்கள்

பதிந்தவர், வந்தவர், கொடுத்த கைகள், மொத்தத் தொகை ஆகிய நான்கையும் எழுதுங்கள். பெட்டியில் 100 ரூபாய் நோட்டுகளே நிறைந்திருந்தால் உங்கள் கீழ்த் தொகையையே விலையாக எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள். அடுத்த முறை அதை 150 ஆக்கிப் பாருங்கள். கொடுத்த கைகளே குறைவு என்றால் தொகையில் குறையில்லை, பெட்டி கண்ணில் படவில்லை. அதை வாசலுக்கு நேரே நகர்த்துங்கள்.